பெயரை மாற்றிவிட்டார், பக்கற்றை மாற்றவில்லை: எங்களுக்கு இனி வழி இருக்கிறதா?

சுன்னாகத்தான்

எல்லோருக்கும் வணக்கம். மாமியின் தொழில் சம்பந்தமாக ஒரு விசயம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமி 2010 இலிருந்து சுன்னாகத்தில் வீட்டிலேயே கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறா. உண்மைப் பெயரை இங்கே போட விரும்பவில்லை, "பூவரசு" என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 இல் அந்தச் சொல்லையும் பக்கத்தில் ஓர் இலைப் படத்தையும் சேர்த்து கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தோம், கறித்தூள் அடங்கும் 30 ஆம் பொருள் வகுப்பில். 2019 இல் பக்கற்றை மாற்றினோம். மண்ணிறக் கடதாசிப் பை, குறுக்கே சரிவாக ஒரு சிவப்புப் பட்டி, கீழே தூள் தெரிகிற மாதிரி இலை வடிவில் ஒரு கண்ணாடி வெட்டு. இந்தப் பக்கற்றை நாங்கள் பதியவில்லை. பெயரைப் பதிந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

போன வருடம் இன்னொருவர் "பூவரசி" என்று ஒரு தூளை இறக்கினார். பச்சை நிறத்தில், பளபளக்கும் பக்கற். சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். மூன்று மாதத்தில் அந்தப் பெயர் கடைகளில் இருந்து மறைந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் அதே ஆள் "செவ்வந்தி" என்று புதுப் பெயரில் வந்திருக்கிறார். இந்த முறை பெயர் எங்களோடு கிட்டவும் இல்லை. ஆனால் பக்கற்? மண்ணிறப் பை, சரிவான சிவப்புப் பட்டி, இலை வடிவக் கண்ணாடி. தூரத்தில் வைத்தால் மாமிக்கே எது எது என்று தெரியவில்லை.

மாமி இரண்டு பக்கற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறா. பதினொன்று வந்திருக்கிறது. "உவ்வளவு வித்தியாசம் இருக்கேக்க கோட்டில என்னத்தைச் சொல்லுறது" என்று அழுகிறா. எங்களுக்கு உள்ள பதிவு இந்த இடத்தில் உதவுமா?

வேந்தன்77

தம்பி, பெயர் வேறு என்றால் விசயம் முடிந்தது. பதிவு பண்ணியது பெயரைத்தானே. பக்கற் யாருக்கும் சொந்தமில்லை, மண்ணிறக் கடதாசி உங்கள் மாமி கண்டுபிடித்ததா? வீணாகக் காசு செலவழிக்காதீர்கள். இன்னொரு விசயம், போன வருடம் நீங்கள் கடிதம் அனுப்பியதே சரியில்லை என்பது என் எண்ணம். பூவரசு ஒரு மரம். பூவரசி என்றால் பூக்களின் அரசி. அர்த்தம் முழுக்க வேறு. அவர் பயந்து விட்டுக்கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பனைநிழல்

சுன்னாகத்தான், முதலில் மாமியிடம் அந்தக் கொப்பியை மூடி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி செய்கிற வேலை. கடையில் சாமான் வாங்க வருகிறவர் இரண்டு பக்கற்றையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. போன மாதம் வாங்கியதன் அரைகுறை ஞாபகத்தோடு வருகிறார். அந்த ஞாபகத்துக்கு எதிரே புதுப் பக்கற்றை வைத்தால் அவர் மயங்குவாரா என்பதுதான் கேள்வி.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது ஓய்வு. உங்களுக்கு நடந்தது இரண்டு வெவ்வேறு பிரச்சினை. ஒரே ஆள் செய்ததால் ஒன்று மாதிரித் தெரிகிறது.

பச்சைப் பக்கற்றில் வந்த "பூவரசி" குறி மீறல். எங்களுடைய 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 121 ஆம் பிரிவு அதைப் பார்க்கிறது. பதிந்த குறியை, அல்லது மக்கள் தவறாக எண்ணிவிடக்கூடிய அளவுக்கு அதை ஒத்த ஒன்றை, அதே பொருளுக்கோ ஒத்த பொருளுக்கோ இன்னொருவர் பாவிக்க முடியாது. அங்கே நீதிமன்றம் பதிவேட்டில் இருக்கும் குறியை ஒரு கையிலும் எதிராளியின் குறியை மறு கையிலும் எடுத்துப் பார்க்கும். "என் பக்கற் பச்சை, அவருடையது மண்ணிறம், என் விலாசம் பெரிதாகப் போட்டிருக்கிறேன்" என்ற பேச்செல்லாம் அங்கே பெரிதாக எடுபடாது. குறியின் சாரத்தை எடுத்துவிட்டால் சுற்றி என்ன அலங்காரம் செய்தாலும் மீறல் மீறல்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 1964 இல் நவரத்ன மருந்து வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்தியத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டலாம்.

இப்போது வந்திருக்கும் "செவ்வந்தி" வேறு வகை. இதில் உங்கள் பதிவு அதிகம் பேசாது. இங்கே பேச வேண்டியது மக்கள் மனதில் அந்தப் பக்கற்றுக்கு உள்ள மதிப்பு. ஆங்கிலச் சட்டத்தில் இருந்து வந்த பெயர் பாசிங் ஓஃப், தன் சாமானை இன்னொருவருடைய சாமான் மாதிரிக் காட்டி விற்பது. எங்கள் சட்டத்தில் 160 ஆம் பிரிவு, நியாயமற்ற போட்டி. அது பதிந்த குறி, பதியாத குறி என்று பார்ப்பதில்லை. பொருளின் தோற்றத்தையும், அதை முன்வைக்கும் விதத்தையும் பெயர் சொல்லியே உள்ளே எடுத்திருக்கிறது. ஆகவே வேந்தன் தம்பி சொன்னது மாதிரி விசயம் முடியவில்லை. ஆனால் நீங்கள் நிரூபிக்க வேண்டியது இப்போது அதிகம்.

வேந்தன்77

ஐயா, 160 எனக்குத் தெரியாத விசயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூவரசு, பூவரசி அர்த்தம் வேறு என்றேனே, அதற்குப் பதில் சொல்லவில்லை.

பனைநிழல்

சொல்கிறேன். 1962 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு மருந்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அம்ரித்தாரா என்பது பழைய மருந்து, லக்ஷ்மண்தாரா என்பது பிந்தியது. முன்னது அமுதத்தின் ஓட்டம், பின்னது லக்ஷ்மணனின் ஓட்டம், அர்த்தம் தொடர்பே இல்லை என்று வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரணக் கிராமத்தவரோ நகரத்தவரோ மருந்து வாங்கும்போது பெயரைப் பிரித்துச் சொற்பிறப்பு பார்ப்பதில்லை, முழுப் பெயரின் ஓசையையும் அது எந்த நோய்க்கு மருந்து என்பதையும்தான் மனதில் வைத்திருப்பார் என்றது.

எங்கள் தமிழில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. பூவரசு என்பதில் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். சந்தைச் சத்தத்தில் ஒருவர் "பூவரசு ரெண்டு தாங்கோ" என்றால் அந்த "சு" பாதி விழுங்கப்பட்டுத்தான் காதில் விழும். "பூவரசி" என்று சொன்னாலும் முதல் மூன்று எழுத்தும் அப்படியே, வால்தான் வேறு. வேறுபாடு முழுவதும் காது கவனிக்காத இடத்தில் இருக்கிறது. கறித்தூள் பெயர் சொல்லி வாங்கும் சாமான், லேபிளைப் படித்து வாங்கும் சாமான் இல்லை. அதனால் ஓசை ஒற்றுமை இங்கே கண் ஒற்றுமையை விடக் கனம்.

அச்சுக்கூடம்

நான் யாழ்ப்பாணத்தில் பக்கற்றும் லேபிளும் அச்சடிக்கிறவன். பனைநிழல் ஐயா சொன்னதற்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்களிடம் வருகிற ஆட்களில் கணிசமானவர்கள் கையில் இன்னொருவருடைய பக்கற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து "இது மாதிரி ஒண்டு அடிச்சுத் தாங்கோ" என்றுதான் தொடங்குவார்கள். நான் பெயரை மட்டும் மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. ஒன்று கவனித்தேன். செவ்வந்தி பூவின் பெயர். பூவின் பெயரை வைத்துக்கொண்டு கண்ணாடி வெட்டை இலை வடிவில் ஏன் போட வேண்டும்? பூ வடிவில் வெட்டும் அச்சு எங்களிடமே இருக்கிறது, விலையும் ஒன்றுதான். இலை வெட்டுக்குத் தனியாக ஒரு வெட்டும் அச்சு செய்ய வேண்டும். காசு கொடுத்து இலையைச் செய்திருக்கிறார் என்றால் அவர் முன்னால் ஒரு மாதிரி இருந்திருக்கிறது.

பனைநிழல்

அச்சுக்கூடம் தம்பி, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. மிகவும் பெறுமதியான விசயம். மீறலுக்கோ பாசிங் ஓஃபுக்கோ கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டுமென்றே கிட்டப் போயிருக்கிறார் என்று தெரிந்தால், மக்கள் மயங்குவார்களா என்ற கேள்வியில் நீதிபதியின் தயக்கம் குறைந்துவிடும். மயக்கத் தேவையில்லை என்றால் எதற்கு அவ்வளவு பாடு பட்டார்?

ஸ்கார்பரோ_ராணி

தம்பி, நான் வாசித்தவரைக்கும் பிரச்சினை தூளின் கைப்பக்குவத்தைத் திருடியதுதானே? மிளகாயை எவ்வளவு வறுக்க வேண்டும், பெருஞ்சீரகம் எவ்வளவு என்று மாமியிடம் வேலை செய்த யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைத்தான் முதலில் பிடியுங்கள். ருசி ஒன்றாக இருந்தால் பெயர் என்ன, பக்கற் என்ன.

எனக்கும் இப்படி ஒன்று. அண்ணா ஊரில் இருந்து அனுப்பும் எங்கள் சாமானை நான் இங்கே கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு கடைக்காரர் எங்கள் பெயரிலேயே தான் இன்னொரு இடத்தில் இருந்து எடுத்து விற்கிறார். அண்ணா இலங்கையில் பதிந்த பத்திரத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பனைநிழல்

ராணி அக்கா, கைப்பக்குவம் வேறு வழக்கு. அது வெளியே சொல்லாத தொழில் இரகசியம் சம்பந்தப்பட்டது, அதற்கு வேறு சான்று வேண்டும். ருசி ஒன்றாக இருப்பதை இங்கே யாரும் முறைப்பாடு செய்யவில்லை. சொல்லப்போனால் ருசி வேறாக இருப்பதுதான் மாமிக்கு நட்டம். கெட்ட தூளை மாமியின் தூள் என்று நினைத்து ஆட்கள் மாமியைத் திட்டுவார்கள்.

உங்கள் விசயத்தில், இலங்கைப் பதிவு இலங்கைக்குள்தான். கனடாவில் பதிந்தால்தான் அங்கே குறி மீறல் பேசலாம். பதியாமல் அங்கே பாசிங் ஓஃப் பேசுவதாக இருந்தால், அங்கே உள்ள வாடிக்கையாளர் மனதில் உங்கள் பெயருக்கு மதிப்பு உண்டு என்று நீங்கள் காட்ட வேண்டும். எத்தனை வருடமாக, எத்தனை கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்ற பில்கள் இருக்கின்றனவா? மற்றதை அங்கே உள்ள சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

கடைக்காரன்_கொடிகாமம்

நான் சட்டம் தெரியாதவன். ஆனால் அந்தத் தூள் இரண்டும் என் கடையில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

மண்ணிறப் பையில் வருகிற தூள் என் தட்டில் இப்போது ஐந்து. அதனால் வேந்தன் சொன்னதில் பாதி உண்மை. மண்ணிறம் ஒருவருக்கும் சொந்தமில்லை, கண்ணாடி வெட்டும் அப்படித்தான். ஆனால் சரிவாகச் சிவப்புப் பட்டி போட்டது இரண்டே இரண்டு.

என்னிடம் வருகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா? வயசான ஆட்களில் பாதிப் பேர் பெயரே சொல்வதில்லை. போன கிழமை ஓர் அம்மா பைக்குள் கையை விட்டுக் காசை எண்ணிக்கொண்டே "தம்பி, அந்த மண்ணிறப் பையில சிவப்புக் கோடு போட்டது ஒண்டு எடு, அரைக்கிலோ" என்றா. என் பெடியன் கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுத்தான். செவ்வந்தி. அந்த அம்மா பார்க்கவும் இல்லை, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டா. நான் பின்னால் இருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். "ரெண்டும் ஒண்டில்லையோ?" என்று கேட்டா.

செவ்வந்திக்கு எனக்கு இலாபம் கொஞ்சம் கூட. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாக் கடைக்காரரும் பின்னால் ஓடிப்போய் மாற்றிக் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பனைநிழல்

அண்ணை, "சிவப்புக் கோடு போட்டது ஒண்டு எடு" என்ற அந்த ஒரு வசனம் இந்த வழக்கின் இதயம்.

ஏன் என்று சொல்கிறேன். பக்கற்றின் தோற்றத்துக்காகப் பேசுகிறவர் முதலில் காட்ட வேண்டியது, மக்கள் அந்தத் தோற்றத்தைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட இடத்துச் சாமான் என்று அடையாளம் காண்கிறார்கள் என்பது. வெறும் அழகான பக்கற் என்றால் போதாது. பெயர் சொல்லாமல் பட்டியைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால் பட்டியே பெயராகிவிட்டது.

இங்கிலாந்தில் 1990 இல் ஒரு எலுமிச்சைச்சாறு வழக்கு. எலுமிச்சம்பழ வடிவில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, ஜிஃப் என்ற பெயர். இன்னொரு நிறுவனம் அதே மாதிரி எலுமிச்சைக் குப்பியில் வேறு லேபிள் ஒட்டி விற்க வந்தது. லேபிள் வேறு, பெயர் வேறு, ஆனாலும் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தடுத்தது. ஏனென்றால் வாங்குகிறவர்கள் லேபிளை வாசிக்கவில்லை, எலுமிச்சையைப் பார்த்து எடுத்தார்கள். அந்த வழக்கில் மூன்று விசயம் கேட்டார்கள். முறைப்பாட்டாளருக்கு அந்தத் தோற்றத்தோடு ஒட்டிய நற்பெயர் இருக்கிறதா, எதிராளி மக்களைத் தவறாக எண்ண வைக்கிறாரா, அதனால் நட்டம் உண்டா. எங்கள் 160 ஆம் பிரிவில் குழப்பம் வரக்கூடும் என்பதே போதும் என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் தயாரிக்கும்போது இந்த மூன்றையும் மனதில் வைத்துச் சான்று சேர்ப்பது நல்லது.

பெயர் மாற்றியது எதிராளிக்கு உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீறலில் சுற்றியிருக்கும் வித்தியாசங்கள் உதவாது என்றேன். பாசிங் ஓஃபில் உதவும். பெரிதாக, தெளிவாக, ஒரே பார்வையில் "இது அது இல்லை" என்று காட்டுகிற அளவுக்கு அவர் வேறுபடுத்தியிருந்தால் தப்பிவிடலாம். "செவ்வந்தி" என்ற சொல் பக்கற்றில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது?

சுன்னாகத்தான்

அளந்து பார்த்தேன் ஐயா. எங்கள் பக்கற்றில் பெயர் பட்டிக்கு மேலே, கிட்டத்தட்ட இரண்டு விரல் உயரம். அவருடையதில் பெயர் பட்டிக்குள்ளே வெள்ளை எழுத்தில், அரை விரல் உயரம்கூட இல்லை. பட்டிதான் கண்ணில் முதலில் படுகிறது.

இன்னொன்று. பத்து நாளைக்கு முன் மாமிக்கு ஒரு கோல் வந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒருவர். "உங்கட தூள் இந்தமுறை புகை மணக்குது, முந்தி இப்பிடி இல்லையே" என்றார். மாமி பதறிப்போய்ப் படம் அனுப்பச் சொன்னா. வந்த படத்தில் செவ்வந்தி பக்கற். அவர் வீட்டில் கிடந்த எங்கள் பழைய பக்கற்றில் இருந்து நம்பரை எடுத்திருக்கிறார். மாமி அந்த வட்ஸ்அப்பை வெட்கத்தில் அழிக்கப் போனா, நான்தான் தடுத்தேன்.

பனைநிழல்

தடுத்தது நல்லது. அதை அழிக்கவே வேண்டாம். மயங்கக்கூடும் என்று வாதிடுவதற்கும் மயங்கிய ஒருவரைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். அந்த மனிதரிடம் தயவாகக் கேட்டு, என்ன நினைத்து வாங்கினார் என்று ஒரு சத்தியக்கடதாசி எடுக்கப் பாருங்கள். அவர் எடுத்த அந்தப் பக்கற்றையும் பில்லையும் வாங்கி வையுங்கள். கொடிகாமத்து அண்ணையும் ஒத்துக்கொண்டால் நல்லது, ஆனால் அவர் வியாபாரி, அவரை நெருக்க வேண்டாம்.

சேர்க்க வேண்டியதில் முக்கியமானது தேதிகள். 2019 இல் இந்தப் பக்கற் முதன்முதலாக அச்சான பில், அதற்குப் பின் வருடா வருடம் எத்தனை பக்கற் அச்சடித்தீர்கள் என்ற பில்கள், கடைகளுக்குக் கொடுத்த விநியோகப் புத்தகம், கோயில் திருவிழா நேரம் போட்ட விளம்பரம் ஏதும் இருந்தால் அதன் படம். செவ்வந்தியின் பக்கற்றை இப்போதே மூன்று நான்கு வெவ்வேறு கடைகளில் பில்லோடு வாங்கி, திறக்காமல் தேதி எழுதி வையுங்கள். கடிதம் கிடைத்த அடுத்த நாளே அவர் பட்டியின் நிறத்தை மாற்றிவிட்டு "எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லக்கூடும்.

வேந்தன்77

ஐயா, அப்படியென்றால் என் மச்சான் கேட்ட கேள்வி. அவருடைய கடைப் பெயரை பிரதேச செயலகத்தில் பதிந்து பத்திரம் சுவரில் மாட்டியிருக்கிறார். பக்கத்து ஊரில் இன்னொருவர் அதே பெயரில் திறந்தால் அந்தப் பத்திரத்தைக் காட்டித் தடுக்கலாம்தானே?

பனைநிழல்

அதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு. பிரதேச செயலகப் பத்திரம், இந்தப் பெயரில் இந்த ஆள் வியாபாரம் செய்கிறார் என்பதைச் சொல்கிறது. கடன்காரருக்கும் வங்கிக்கும் யார் உரிமையாளர் என்று தெரிவதற்கானது. அது வியாபாரக் குறிப் பதிவு இல்லை, 121 ஆம் பிரிவின் உரிமை அதனால் வராது. ஆனால் அவர் நீண்ட காலமாக அந்தப் பெயரில் கடை நடத்தியதற்கு ஒரு தேதிச் சான்றாக உதவும். 160 இன் கீழ் அப்படி ஒரு தேதி பெறுமதிதான்.

நெல்லைவாசி

திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன், உங்கள் ஊர் திருநெல்வேலி இல்லை, எங்கள் ஊர். எங்கள் இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குச் சரியான உதாரணம். 2015 இல் டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பு "திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா" என்று போட்டார்கள், அவர்களிடமும் பதிவு இருந்தது. பதிவு வைத்திருப்பவர் மீது எப்படி வழக்குப் போடலாம் என்று கேட்டார்கள். யார் முதலில் இருந்து பாவித்தாரோ அவருடைய உரிமைதான் மேல், பதிவு இருந்தாலும் பாசிங் ஓஃப் வழக்கு நிற்கும் என்று தீர்ப்பு. ஆகவே உங்கள் மாமி கவலைப்பட வேண்டாம், முதலில் பாவித்தவர் ஜெயிப்பார்.

பனைநிழல்

நல்ல உதாரணம் தம்பி, ஆனால் முழுவதையும் அப்படியே இங்கே இறக்க முடியாது. இந்தியச் சட்டத்தில் முதல் பாவனையாளரின் உரிமையைக் காக்கும் பிரிவுகள் எழுத்திலேயே இருக்கின்றன. எங்கள் சட்டம் தன் வார்த்தைகளில் வேறு மாதிரிப் போகிறது. எங்களுக்கு அந்தத் தீர்ப்பில் இருந்து எடுக்க வேண்டியது, பதிவும் பாவனையும் இரண்டு தனித்தனி உரிமை என்பது.

சுன்னாகத்தான், இதில் இருந்து உங்களுக்கு ஓர் ஆபத்து தெரிகிறது. எதிராளி இந்தப் பக்கற் தோற்றத்தையே தன் குறியாகப் பதிய விண்ணப்பித்துவிட்டால்? விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வரும். வந்த தேதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்பு எழுத வேண்டும். பதியாமல் ஏற்கனவே பாவனையில் இருக்கும் குறியை, அது தெரிந்தும் இன்னொருவர் பதிய வந்தால் தடுக்கலாம் என்று 104 ஆம் பிரிவு சொல்கிறது. போன வருடம் நீங்கள் அனுப்பிய கடிதம் அங்கே பயன்படும், உங்களைத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. ஆனால் வர்த்தமானியை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான். நீங்களும் இந்தக் கிழமையே பக்கற்றின் தோற்றத்தைப் படமாக வைத்துப் புது விண்ணப்பம் போடுங்கள். மண்ணிறத்தைக் கேட்காதீர்கள், அது கிடைக்காது. பட்டி, அதன் சரிவு, இலை வெட்டு, பெயர் இருக்கும் இடம், இவை சேர்ந்த மொத்தத் தோற்றத்தைக் கேளுங்கள்.

அச்சுக்கூடம்

ஐயா, ஒரு கேள்வி. 2018 பதிவில் இலைப் படமும் இருக்கிறது என்றார். அப்படியானால் இலை வெட்டு அந்தப் பதிவை மீறியது ஆகாதா? பெயர் வேறானாலும் படம் ஒன்றுதானே. எதற்காக 160 இல் மட்டும் நிற்க வேண்டும்?

பனைநிழல்

நானும் அதை யோசித்தேன். எனக்கு அது பலவீனமாகத்தான் தெரிகிறது. பதிந்தது சொல்லும் இலையும் சேர்ந்த ஒரு குறி. மக்கள் மனதில் நிற்பது சொல். இலை எல்லோரும் போடுகிற ஒன்று. இலை மட்டும் ஒத்திருக்கிறது என்று 121 இல் போனால், குறியை மொத்தமாகப் பார்க்கச் சொல்லி எதிராளி தப்பிவிடுவார்.

அச்சுக்கூடம்

பூவரசிலை இதய வடிவம். அவருடைய வெட்டும் இதய வடிவ இலைதான், காம்பு இடப்பக்கம் வளைவதுகூட ஒன்று. வாழையிலை, மாவிலை என்றால் சரி. பூவரசிலையைச் செவ்வந்திக்கு யார் போடுவார்? நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை ஐயா.

பனைநிழல்

காம்பு வளைவது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் மனுவில் இரண்டாவது வாதமாகப் போடலாம். முதல் வாதமாகப் போட நான் இன்னமும் துணிய மாட்டேன். நீதிபதி எந்தப் பக்கம் போவார் என்று இப்போது சொல்ல முடியாது.

சுன்னாகத்தான்

வழக்கு எங்கே போட வேண்டும் ஐயா? யாழ்ப்பாணத்தில் முடியாதா?

பனைநிழல்

வருத்தமான பதில்தான். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குகள், 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிக அதிகாரம் கொடுக்கப்பட்ட மேல் நீதிமன்றத்துக்குப் போகும். தன் மாகாணத்தில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் மேல் மாகாணத்து நீதிமன்றம்தான். அதாவது கொழும்பு. ஒவ்வொரு தவணைக்கும் மாமியோ நீங்களோ இரவு பஸ்ஸில் போக வேண்டி வரும். அதனால்தான் முதலில் இடைக்காலத் தடையுத்தரவுக்கு முழுப் பலத்தையும் போடுங்கள் என்கிறேன். அது கிடைத்தால் பெரும்பாலும் எதிராளி பேச வருவார். கிடைக்காவிட்டால் தொடர்ந்து நடத்துவதா என்று கணக்குப் பார்க்கலாம்.

ஆனால் தாமதிக்க வேண்டாம். நான் முதலில் சொன்ன அம்ரித்தாரா வழக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். பெயர்கள் மயக்கும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், லக்ஷ்மண்தாராவுக்குப் பதிவு கிடைத்தது, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும். பிந்தியவர் அங்கே பல வருடமாக விற்றதைத் தெரிந்தும் முந்தியவர் சும்மா இருந்துவிட்டார். அந்த மௌனம் அவருக்கு எதிராகத் திரும்பியது.

கடைக்காரன்_கொடிகாமம்

நான் சத்தியக்கடதாசி தருகிறேன். அந்த அம்மா வாரா வாரம் வருவா, அவவையும் கேட்டுப் பார்க்கிறேன். எனக்குச் செவ்வந்திக்காரரோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் சரிப்படுத்திவிட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். ஒரு மாதம் தாருங்கள்.

சுன்னாகத்தான்

மிகவும் நன்றி அண்ணை, மாமி உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னா. சாவகச்சேரிக்காரரோடு கதைத்தேன், அவரும் வருவதாகச் சொல்கிறார், ஆனால் பில் கைவசம் இல்லையாம். நேற்று நானே சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் சாவகச்சேரியிலும் ஒவ்வொன்று பில்லோடு வாங்கி வைத்திருக்கிறேன். மருதனார்மடத்துப் பக்கற்றில் பட்டி கொஞ்சம் கடும் சிவப்பு. பழைய அச்சா புது அச்சா தெரியவில்லை, தேதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அச்சுக்கூடம்

பையின் அடித் தையலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு இலக்கம் இருக்கும், அச்சுத் தொகுதி இலக்கம். மூன்று பக்கற்றிலும் அதைப் படம் எடுத்துப் போடுங்கள். எது முந்தியது என்று நான் சொல்கிறேன்.